இருபத்திரண்டு நிமிடம்

பிரசவ வார்டில் அவளுக்குச் சங்கு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வார்டு பெருக்கும் ஆயா முதல், மாடியில் உட்காரும் பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் சங்குதான். காரணம் இல்லாமல் இல்லை. பதினோரு வருட நர்ஸ் வேலையில் அவள் டாக்டரைக் கூப்பிட்டு ஓடிவர வைத்த நேரங்களைக் கூட்டினால் அதில் பாதி ஒன்றுமில்லை என்றுதான் முடிந்திருக்கும். மீதிப் பாதியில் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீண் அலறலை நினைவில் வைத்துக்கொள்வதுபோல் ஊர் வேறெதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

போன வாரம் நடந்தது அவள் தொண்டையில் இன்னும் முள்ளாக நின்றது. மானிட்டர் கக்கிய காகிதத்தில் குழந்தையின் இதயத்துடிப்புக் கோடு பள்ளம் பள்ளமாக இறங்கியதைப் பார்த்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் இருந்த டாக்டரம்மாவை ஓடிவர வைத்தாள். டாக்டரம்மா அந்தக் காகிதத்தை மேஜைமேல் நீட்டி விரித்து, பயிற்சிக்கு வந்த எட்டுப் பெண்களையும் சுற்றி நிற்கவைத்துப் பாடம் எடுத்துவிட்டார்.

“இங்க பாருங்க. கீழ்க் கோடு வலி, மேல் கோடு குழந்தை. வலி ஏறுறப்ப துடிப்பு இறங்குது, வலி அடங்குறப்ப அதுவும் சரியாயிடுது. கண்ணாடியில பார்த்த மாதிரி. தலை அமுங்குது, அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல. வலி உச்சிக்குப் போன பிறகு லேட்டா இறங்கி, வலி முடிஞ்சும் ஏறாம கெடந்தா, அது நஞ்சுக்கொடி வழியா ரத்தம் பத்தலன்னு அர்த்தம். வெட்டுன மாதிரி திடீர்னு விழுந்து எழுந்தா தொப்புள்கொடி எங்கேயோ நசுங்குது. கோடு ஆடாம அசையாம ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி ஓடுனா அதுவும் வம்பு. அப்பல்லாம் என்னைக் கூப்பிடுங்க, சாப்பாட்ட விட்டுட்டு வரேன்.” பிறகு சங்கின் பக்கம் திரும்பி, “இதெல்லாம் உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

தெரியும். மனப்பாடமாகத் தெரியும். ஆனால் பள்ளத்தைக் கண்டதும் மண்டையில் இருப்பதெல்லாம் காலுக்கு இறங்கிவிடுகிறது, என்ன செய்ய? எட்டுப் பெண்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதுதான் அவளுக்கு ஆறவில்லை. இனிமேல் வாயைத் தைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

இன்று காலை ஏழரைக்கு அவள் ஷிப்டு தொடங்கியபோது மூன்றாம் கட்டிலில் ஒரு தையல்காரி இருந்தாள். முதல் பிரசவம். விடிகாலையில் வலியோடு வந்தவள், துணைக்கு அக்கா. தையல்காரி ஒல்லி, அக்கா அவளைப்போல் இரண்டு மடங்கு. வாயும் அப்படித்தான்.

எட்டு மணிக்கு உள்ளே சோதித்தபோது கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருந்தது. சும்மா போக்குக் காட்டும் வலி முடிந்து நிஜமான வலி பிடித்துவிட்டது என்று பொருள். சங்கு பிரசவ வரைபடத்தை எடுத்து முதல் புள்ளியை வைத்தாள். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பு, பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை நொடி, தாயின் நாடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை திறப்பு. கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போனால், கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

“இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்?” என்று அக்கா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள்.

“பத்து சென்டிமீட்டர் வரணும்க்கா. இப்ப பாதி வழி.”

“பாதி வழிக்கே ராத்திரி பூரா ஆச்சே!”

“முதல் பாதிதான் ஆமை. அப்புறம் வேகமா போகும். அவங்கள எழுப்பி நடக்க வைங்க, தண்ணி குடுங்க, இடுப்பைத் தேய்ச்சு விடுங்க. வலி வர்றப்ப மூச்சைப் பிடிக்காம விடச் சொல்லுங்க.”

தையல்காரி நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி விட்ட இடைவெளியில் பேசவும் செய்தாள். பதினாறு வயதிலிருந்து மெஷின் மிதிக்கிறாளாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே நூல் அறப்போகிறதா, ஊசி மழுங்கிவிட்டதா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாளாம். “எனக்குக் காதுதான் சிஸ்டர் கண்ணு” என்றாள். சங்கு சிரித்தாள், ஆனால் உட்காரவில்லை. அவளுக்கு உட்கார வராது. கட்டிலைச் சுற்றினாள், மருந்துத் தட்டை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினாள்.

பத்தே முக்காலுக்குப் பனிக்குடம் உடைந்தது. சங்கு முதலில் துடிப்பைத்தான் கேட்டாள். தண்ணீர் வேகமாகப் போகும்போது கொடி கீழே வழுக்கி வந்துவிடலாம். நூற்று நாற்பத்திநாலு, சீராக இருந்தது. தண்ணீரும் தெளிவாக இருந்தது. பச்சையாக வந்திருந்தால் குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது என்று கவலைப்பட வேண்டும். ஆனால் வலி சோர்ந்துவிட்டது. டாக்டரம்மா வந்து பார்த்து, வலியைக் கூட்டும் மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்னார். அந்த மருந்து ஏறினால் குழந்தையின் துடிப்பை விடாமல் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. சங்கு தையல்காரியின் வயிற்றைச் சுற்றி மானிட்டரின் இரண்டு பட்டைகளைக் கட்டினாள். ஒன்று வலிக்கு, மற்றது குழந்தைக்கு. மெஷின் லப்டப் லப்டப் என்று ஓட ஆரம்பித்தது.

“இதுதான் என் புள்ளையா?” என்று தையல்காரி கேட்டாள்.

“இதுதான்.”

“என்னா ஓட்டம்!”

“உங்க மெஷினை விட வேகம்” என்றாள் சங்கு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு எட்டு சென்டிமீட்டர். ஒவ்வொரு வலியிலும் கோட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. வலியோடு இறங்கி வலியோடு ஏறின. சங்கின் கை தானாக இன்டர்காம் போனுக்குப் போனது. கண்ணாடியில் பார்த்த மாதிரி, தலை அமுங்குது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக் கையை மடக்கிக்கொண்டாள். அப்படிச் சொன்னது சரியும்கூட. தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், பள்ளங்களின் ஆழம் குறைந்தது. அவளுக்கே தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஒன்று பத்துக்குத் திறப்பு முழுசாகிவிட்டது. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, “எனக்கு முக்கணும் போல வருது” என்றாள். முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம். ஒன்றேகாலுக்குக் குழந்தையின் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு. மூத்திரப்பை நிறைந்திருந்தால் தலைக்கு வழி விடாது என்பதால், தாயை மல்லாக்கத் திருப்பிக் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தாள். அந்தப் புரட்டலில் குழந்தைப் பட்டை நழுவித் தொப்புள் பக்கம் ஏறிக்கொண்டது, மெஷின் கரகரத்து ஊமையாயிற்று. சங்கு ஈரக் கையோடு பட்டையை இழுத்து, இப்படி அப்படி நகர்த்தினாள். சத்தம் கிடைத்ததும் இறுக்கிக் கட்டினாள். நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பத்துக்கும் நூற்று அறுபதுக்கும் நடுவில் இருந்தால் போதும் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஒன்று இருபதுக்கு அதை எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

“சத்தம் மாறிப் போச்சு சிஸ்டர்” என்றாள் தையல்காரி, மூச்சு வாங்க.

“படுக்கை மாத்தினோம்ல, அதான். குழந்தைதான். கேட்டுக்கிட்டே முக்குங்க. தாடையை நெஞ்சில வெச்சு, கீழ, நல்லா கீழ!”

வலி வந்தது. தையல்காரி முக்கினாள். சத்தம் வேகமெடுத்தது. நூற்று முப்பது, நூற்று நாற்பத்தைந்து, நூற்று ஐம்பது. வலி விட்டதும் மெல்ல இறங்கி நூற்றிருபதுக்கு வந்தது. அடுத்த வலி, அடுத்த ஏற்றம். காகிதத்தில் ஒவ்வொரு வலிக்கு மேலும் அழகாக ஒரு மலை. ஒரு மணி வரை இருந்த பள்ளங்கள் போன இடம் தெரியவில்லை. முக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பை எழுத வேண்டும். ஒன்று இருபத்தைந்து, நூற்றிருபத்திரண்டு. ஒன்று முப்பது, நூற்றிருபது. ஒன்று முப்பத்தைந்து, நூற்றிருபத்தாறு. மெஷின் சொல்ல, சங்கு எழுத, கையெழுத்துப் போட, வேலை வழுவழு என்று போனது.

ஒன்றரைக்கு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். மாடியில் வெளிநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றதாம். காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். “படம் மாதிரி இருக்கே! ஒவ்வொரு வலிக்கும் ஏறுது. ஜாலியா இருக்கு குழந்தை. தலை தெரிஞ்சதும் கூப்பிடு.” போகிற போக்கில் சங்கின் தோளைத் தட்டினார். “இன்னிக்கு அமைதியா இருக்க. நல்லது.”

அந்தத் தட்டல் அவளுக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. என்னவோ உறுத்தியது, என்ன என்று பிடிபடவில்லை. காலை முதல் வலிக்கு இறங்கிக்கொண்டிருந்த குழந்தை, தலை இன்னும் இறுக்கமான இடத்தில் மாட்டியிருக்கும்போது, எதற்காகக் குதித்து ஏறுகிறது? கஷ்டம் கூடக் கூடச் சந்தோஷமும் கூடுமா? இல்லை, இது என் வியாதி, நல்லது நடந்தாலும் நொட்டை சொல்லும் வியாதி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நிலைகொள்ளாமல் கட்டிலை இரண்டு சுற்றுச் சுற்றினாள். டிரிப் சொட்டை எண்ணினாள். ஒன்று நாற்பதுக்கு நூற்றிருபத்திநாலு என்று எழுதினாள்.

அடுத்த வலியில் தையல்காரி வாயைவிட்டு அலறினாள். ஒரு கையால் அக்காவையும் மறுகையால் சங்கையும் பிடித்தாள். சங்கு அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள், ஆறுதலுக்காகத்தான். விரல்கள் பழக்கத்தால் நாடியின்மேல் போய் உட்கார்ந்தன.

மெஷின் லப் என்றபோது விரலடியில் ஒரு துள்ளல். மறுபடி லப், மறுபடி துள்ளல். தையல்காரி முக்க முக்க மெஷின் வேகமெடுத்தது, விரலடியிலும் அதே வேகம். ஒன்றுக்கு ஒன்று, ஒரு நூலிழை முன்னேபின்னே இல்லாமல்.

மெஷின் பாடிக்கொண்டிருந்தது குழந்தையை அல்ல. பட்டை நழுவி மேலே ஏறிய இடத்தில் தாயின் ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய இதயத்தையே குழந்தையுடையது என்று ஒப்பித்துக்கொண்டிருந்தது. முக்குகிறவளின் நாடி ஏறாமல் வேறென்ன செய்யும்? ஒன்று இருபதிலிருந்து ஒன்று நாற்பத்திரண்டுவரை, இருபத்திரண்டு நிமிடம், அந்த அறையில் யாரும் குழந்தையைக் கேட்கவே இல்லை. ஐந்து எண்கள், ஐந்து கையெழுத்து. தாயின் மணிக்கட்டை ஒரே ஒரு தடவை தொட்டிருந்தால் போதும். பட்டை மாற்றியதும் முதலில் தாயின் நாடியைப் பிடித்து இரண்டும் வேறா என்று பார் என்று பயிற்சிப் பெண்களுக்கு அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம்.

அழவும் திட்டிக்கொள்ளவும் பிறகு நேரம் இருந்தது. அவள் துடிப்பு கேட்கும் கைக் கருவியை எடுத்து அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தினாள். குழந்தை இறங்கிவிட்டதால் இதயமும் அங்கேதான் இருக்கும். ஒரு கை மணிக்கட்டிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு வந்தது. டொக். டொக். டொக். வலி விட்டுவிட்டது, சத்தம் ஏறவில்லை. எழுபத்திரண்டு. விரலடியில் தாயின் நாடி நூற்றிருபது.

“முக்காதீங்கம்மா. முக்க வேண்டாம். ஊது ஊதுன்னு மூச்சை விடுங்க. அக்கா, அவங்கள இடப்பக்கம் திருப்பணும், தூக்குங்க.”

“என்னாச்சு? என்ன சிஸ்டர், இப்பதானே நல்லாருக்குன்னீங்க?”

“திருப்புங்கக்கா!”

வலி மருந்து டிரிப்பை இறுக்கி மூடினாள். வெறும் சலைன் பாட்டிலை முழு வேகத்தில் திறந்தாள். கையுறை மாட்டி உள்ளே பார்த்தாள். கொடி கையில் தட்டவில்லை, தலை நன்றாக இறங்கியிருந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. அழைப்பு மணியை முழங்கையால் அழுத்திவிட்டு, இன்டர்காமைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

மாடியில் போனை எடுத்த உதவியாளர் குரலிலேயே சிரித்தார். “யாரு, சங்கா? மறுபடியும் ஊதியாச்சா? டாக்டர் பேஷன்ட் பாக்குறாங்க, அஞ்சு நிமிஷம்…”

போன வாரச் சிரிப்பெல்லாம் அவள் காதில் வந்து நின்றது. இதுவும் பொய்யாகிவிட்டால்? இப்போது கேட்டதும் தப்பாக இருந்தால்? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அவள் தயங்கினாள். அந்த ஒரு நொடிக்காக அவள் பின்னால் பல நாள் தன்னைத் திட்டிக்கொள்ளப்போகிறாள்.

“ஸ்பீக்கர்ல போடுங்க” என்றாள். “டாக்டர், மூணாம் கட்டில். மானிட்டர்ல ஓடுனது அம்மாவோட நாடி. குழந்தையோடது எழுபத்திரண்டு, ஏறவே இல்ல. எத்தன நேரமா இப்படின்னு தெரியாது. முழுத் திறப்பு, தலை கீழ இருக்கு. டிரிப்பை நிறுத்திட்டேன். வாக்கம் எடுத்து வைக்கிறேன். உடனே வாங்க.”

மறுமுனையில் நாற்காலி உருண்ட சத்தம் கேட்டது. டாக்டரம்மா படியில் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்தார். அதற்குள் இன்சார்ஜ் சிஸ்டர் வந்து சேர்ந்திருந்தார். வார்டு முழுவதும் அவர் பொறுப்பு, வயதில் எல்லோருக்கும் மூத்தவர். குழந்தைக்கு வெப்ப விளக்கைப் போட்டு, காற்றடிக்கும் பையையும் முகமூடியையும் எடுத்து வைத்தார். குழந்தை டாக்டருக்கும் ஆள் போயிற்று.

டாக்டரம்மா கைக் கருவியை வைத்துக் கேட்டார். அறுபத்தெட்டு. கையுறையை இழுத்து மாட்டினார். தலை நல்ல ஆழத்தில் இருந்ததால் அறுவை அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட இங்கேயே இழுத்து எடுப்பதுதான் சீக்கிரம் என்றார். தையல்காரியை மல்லாக்கத் திருப்பி, உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வாக்கம் கிண்ணத்தைக் குழந்தையின் தலையில் பொருத்தினார்.

“அடுத்த வலி வரும்போது உன் பலம் அத்தனையும் வேணும்மா. நான் இழுப்பேன், நீ தள்ளணும். புரியுதா?”

“என் புள்ள இருக்கா?” என்றாள் தையல்காரி.

“இருக்கு. துடிக்குது. சீக்கிரம் வெளிய எடுக்கணும்” என்றாள் சங்கு. மெஷின் அணைந்து கிடந்தது. கைக் கருவியை அவள் இந்த முறை வயிற்றிலிருந்து அகற்றவே இல்லை, ஒரு கை வயிற்றில், ஒரு கை மணிக்கட்டில். “இப்ப அறுபது… அறுபத்தைஞ்சு…” என்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதல் இழுப்பில் தலை வாசலுக்கு வந்தது. இரண்டாவதில், தையல்காரி இடுப்பே ஒடிந்துபோகிற மாதிரி முக்க, தலை பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. டாக்டரம்மா அதன் இரு பக்கமும் இடுக்கியால் கவ்வி நடுவில் வெட்டினார். உடம்பு வழுக்கி வந்தது. ஒன்று ஐம்பத்திரண்டு. பெண் குழந்தை. நீலம் பாரித்து, கையும் காலும் பழந்துணி மாதிரித் தொங்கின. அழவில்லை.

விளக்கின் கீழே துடைத்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள். மூச்சு இல்லை. இன்சார்ஜ் சிஸ்டர் முகமூடியை வைத்துக் காற்றை அழுத்தத் தொடங்கினார். நெஞ்சு ஏறுகிறதா என்று சங்கு பார்த்தாள், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் விரலைத் தட்டிக் காட்டினாள். விரல் மெதுவாகத் தட்டியது. கட்டிலில் அக்கா தெய்வங்களின் பெயரெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தையல்காரி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கின் விரல் கொஞ்சம் வேகமெடுத்தது. பிறகு நன்றாகவே வேகமெடுத்தது. நூறைத் தாண்டியது. ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தபோது குழந்தை ஒரு தரம் விக்கியது, முகத்தைச் சுளித்தது, அழுதது. பூனைக்குட்டி அழுகைதான். ஆனாலும் அழுகை.

உட்கார இடமிருந்தும் சங்கு உட்காரவில்லை, நஞ்சுக்கொடி வெளியே வரும் மூன்றாம் கட்டம் பாக்கி இருந்தது. தையல்காரியின் தொடையில், கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஊசியைப் போட்டாள். நஞ்சுக்கொடி முழுசாக வந்தது. கிழிந்த இடத்தை டாக்டரம்மா தைத்தார். சங்கு கர்ப்பப்பையை அமுக்கிப் பார்த்தாள், பந்து மாதிரிக் கெட்டியாகியிருந்தது. கால் மணிக்கு ஒருமுறை ரத்தப்போக்கு, நாடி, பிரஷர். குழந்தை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்றார்.

வார்டு ஓய்ந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். ஐந்து எண்களில் அவர் விரல் நின்றது. குரலைத் தணித்தார். “குழந்தை அழுதாச்சு. கடவுள் புண்ணியம். இதை இப்படியே விட்டுடு. தோண்டித் துருவினா உனக்குத்தான் தலைவலி. யாரும் பாக்கப் போறதில்ல.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சங்கு பேனாவை எடுத்தாள். ஐந்து எண்களின் மேலும் படிக்கத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: இவை தாயின் நாடி. 1.20 முதல் 1.42 வரை குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கப்படவில்லை. நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா அதை வாங்கிப் படித்தார். “படம் மாதிரி இருக்குன்னு சொன்னது நான்” என்று சொல்லி, அதற்குக் கீழேயே அவரும் எழுதிக் கையெழுத்திட்டார். “அவங்ககிட்ட நான் சொல்றேன்.”

“வேண்டாம் டாக்டர். குழந்தைதான், கேட்டுக்கிட்டே முக்குங்கன்னு சொன்னது நான்.”

மூன்று மணிக்குக் குழந்தை அம்மாவின் மார்பில் இருந்தது. நீலம் போய் ரோஜாச் சிவப்பு வந்திருந்தது. தையல்காரி அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கு வந்ததும் நிமிர்ந்து சிரித்தாள்.

“இவ சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் சிஸ்டர் முக்குனேன். இல்லன்னா என்னால முடிஞ்சிருக்காது.”

எப்படித் தொடங்குவது என்று சங்கு வழி நெடுக யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “அது இவ சத்தம் இல்லம்மா” என்றாள். “கடைசி இருபத்திரண்டு நிமிஷம் அந்த மெஷின் உங்க இதயத்தைத்தான் காட்டுச்சு. பட்டை நழுவினதை நான் சரியா பாக்கல. உங்க நாடியைப் பிடிச்சுப் பாத்திருக்கணும், பாக்கல. அந்த நேரத்துல பாப்பா எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தப்பு என்னோடது.”

அக்கா எழுந்துவிட்டாள். “என்ன சொல்றீங்க? எங்க புள்ள உசுரு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? நல்லாருக்கு நல்லாருக்குன்னு வாய் கிழிய சொன்னீங்களே! ஏதாவது ஆயிருந்தா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?” வார்டில் எல்லாக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. சங்கு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அக்கா, கொஞ்சம் சும்மா இரு” என்றாள் தையல்காரி. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “சத்தம் மாறிப் போச்சுன்னு நான் சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“நீங்க கேக்கல.”

“கேக்கல.”

தையல்காரி குழந்தையைப் பார்த்தாள். பிறகு மெல்ல அதை மல்லாக்கத் திருப்பி, சுற்றியிருந்த துணியை நெஞ்சுவரை விலக்கினாள். தன் வலது கையை நீட்டி, மணிக்கட்டு மேலே பார்க்கும்படி சங்கின் முன் வைத்தாள்.

“இப்ப கேளுங்க.”

சங்கு அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். பிறகு இன்னொரு நிமிடம் மணிக்கட்டை எண்ணினாள்.

“பாப்பாவுக்கு நூத்தி முப்பத்தாறு. உங்களுக்கு எண்பத்தெட்டு.”

“வேற வேறதானே?”

“வேற வேறதான்.”

தையல்காரி கையை எடுக்கவில்லை. “இன்னொரு தடவை எண்ணுங்க” என்றாள்.